பெரிய ஒப்பந்தத்துக்கு முன் ஒரு சின்ன வெள்ளோட்டம்: எதை எடுப்பது, என்ன கேட்பது, எப்படி முடிப்பது

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நிறுவனங்களுக்கு டேட்டா, மென்பொருள் சார்ந்த வேலைகள் செய்து தருகிறோம். புது கிளையண்ட் ஒருவர் ஆறு மாத வேலை ஒன்றைத் தர நினைக்கிறார். ஆனால் "உங்களோடு இதுவரை வேலை செய்ததில்லையே" என்று தயங்குகிறார். சின்னதாக ஒரு பைலட் செய்து காட்டலாமா என்று யோசிக்கிறோம். இலவசமாகச் செய்வதா, காசு கேட்பதா? வேலையில் எந்தப் பகுதியை எடுப்பது? பைலட் முடிந்த பிறகு அவர் பதிலே சொல்லாமல் இழுத்தால் என்ன செய்வது?

பதில்:

காசு வாங்கிக்கொண்டே செய்யுங்கள். வேலையின் கஷ்டமான பகுதியும் உள்ளே வருகிற மாதிரி எடுங்கள். முடிந்த பிறகு யார், என்றைக்கு முடிவு சொல்வார் என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் எந்தப் பகுதியை எடுப்பது என்ற இடத்தில்தான் நான் பார்த்த பைலட்டுகளில் பெரும்பாலானவை கெட்டிருக்கின்றன. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கிளையண்டின் தயக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். "உங்களோடு வேலை செய்ததில்லையே" என்பது வாய்வார்த்தை. உள்ளே இருக்கும் பயம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு, வேலையின் தரம் எப்படி இருக்குமோ என்ற பயம். இன்னொருவருக்கு, நான்காவது மாதத்தில் நீங்கள் கைவிட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்ற பயம். தங்கள் விவரங்கள் வெளியே போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. உங்களைச் சிபாரிசு செய்து, அது சொதப்பி, மேலிடத்தில் தன் பெயர் கெடுமோ என்று யோசிக்கிறவர்கள் இவர்கள் எல்லோரையும்விட அதிகம். அதை அவர்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள்.

ஒவ்வொரு பயத்துக்கும் பைலட்டின் வடிவம் மாறும். தரம்தான் கவலை என்றால் முடித்த வேலையை அவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். தேதி தவறுவதுதான் கவலை என்றால், ஒரே தடவையில் கொடுக்காமல் மூன்று சிறு தவணைகளாகச் சொன்ன தேதியில் கொடுத்துக் காட்ட வேண்டும். விவரங்கள் கசிவது கவலை என்றால், எதையும் உங்கள் கணினிக்கு எடுத்துப் போகாமல் அவர்களுடைய அமைப்புக்குள்ளேயே, அவர்கள் கொடுத்த கணக்கில் வேலை செய்து காட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு முன்பு வெளியாளிடம் கொடுத்த வேலை எதாவது சறுக்கியிருக்கிறதா? எந்த இடத்தில் சறுக்கியது?" பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். பைலட் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பது அதிலேயே வந்துவிடும். ஒரு பைலட் ஒரு பெரிய கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நான்கைந்தை அதன் தலையில் ஏற்றினால் எதற்குமே பதில் வராது.

சரி, இப்போது எதை எடுப்பது என்பதற்கு வருகிறேன். நான் அருகில் இருந்து பார்த்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். உங்கள் வேலைக்கும் அது ஓரளவு பொருந்தும்.

ஒரு மொத்த வியாபார நிறுவனம் தன்னுடைய 24,000 பொருட்களின் விவரங்களையும் பழைய எக்செல் கோப்புகளிலிருந்து புது இணையக் கடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெயர், அளவு, விலை, வகை, படம், இரண்டு வரி விளக்கம் எல்லாம் சரிபார்த்து ஏற்ற வேண்டும். செய்யப் போனது இரண்டு பேர் கொண்ட குழு. கோப்புகளை மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பொருளுக்குச் சராசரியாக 6 நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படியானால் மொத்தம் 2,400 மணி நேரம். இதற்கு முன்பு இதே வேலையை வேறொருவரிடம் கொடுத்து, அளவுகள் தப்பும் தவறுமாக ஏறி, தவறான உதிரிபாகம் அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த அனுபவம் அந்த நிறுவனத்துக்கு இருந்தது. ஆக அவர்களுடைய பயம் தெளிவாக ஒன்றுதான்: தவறு எவ்வளவு இருக்கும்?

இந்த இடத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது, கோப்பின் முதல் 500 வரிகளை எடுத்து அழகாகச் செய்து கொடுத்துவிடலாம் என்பதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்த நினைப்பு. ஆனால் பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் வெந்தது. அதனால்தான் ஒரு சோறு போதுகிறது. கிளையண்டின் வேலை அப்படி இருக்காது. அதில் சுலபமானது ஒரு பக்கம், வில்லங்கமானது ஒரு பக்கம் கிடக்கும்.

அந்தக் குழு கோப்புகளை முதலில் மூன்று வகையாகப் பிரித்தது. ஒரே அளவில், ஒரே விலையில் வரும் சாதாரணப் பொருட்கள் 14,400. நிறம், அளவு என்று உட்பிரிவு உள்ளவை 6,000. பழைய பட்டியல்களை ஸ்கேன் செய்த பக்கங்களில் மட்டும் விவரம் இருந்த உதிரிபாகங்கள் 3,600. மூன்றாவது வகை மொத்தத்தில் 15 சதவீதம்தான். ஆனாலும் ஒவ்வொரு வகையிலிருந்தும் சரிசமமாக 160 எடுத்தார்கள். ஆக 480 பொருட்கள், மொத்த வேலையில் 2 சதவீதம். எந்த 160 என்பதைக் கிளையண்டும் தேர்ந்தெடுக்கவில்லை, குழுவும் தேர்ந்தெடுக்கவில்லை. எக்செலில் ஒரு காலி நெடுவரிசையில் `=RAND()` போட்டு, வந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி, அந்த வரிசைப்படி அடுக்கி, முதல் 160 வரிகளை எடுத்துக்கொண்டார்கள். கிளையண்ட் ஆளின் முன்னாலேயே திரையில் செய்ததால், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார்களோ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

வேலை முடிந்தபோது வகைவாரியாக ஆன நேரம் இப்படி இருந்தது: சாதாரணப் பொருளுக்கு 4 நிமிடம், உட்பிரிவு உள்ளதற்கு 9 நிமிடம், ஸ்கேன் பக்கத்து உதிரிபாகத்துக்கு 21 நிமிடம். இதை முழு வேலைக்கும் பெருக்கினால் 960, 900, 1,260 மணி நேரம், மொத்தம் 3,120. முதலில் நினைத்ததைவிட 30 சதவீதம் கூடுதல். மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல், எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த அந்த 15 சதவீதமே சாப்பிட்டுவிடுகிறது. அவர்கள் முதல் வகையை மட்டும் பைலட்டாகச் செய்திருந்தால் 1,600 மணி நேரம் என்றுதான் கணக்கு வந்திருக்கும். கிளையண்ட் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் நடு வழியில் இரண்டு தரப்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருக்கும்.

இதோடு முடியவில்லை. உதிரிபாகங்களைச் சரிபார்த்த கிளையண்டின் விற்பனைப் பிரிவு ஆள், அந்த 160-இல் 64 இப்போது விற்பனையிலேயே இல்லை என்று குறித்துக் கொடுத்தார். அதாவது 40 சதவீதம். மீதியிலும் அதே விகிதம் என்று வைத்தால் 1,440 பொருட்களைத் தொடவே வேண்டாம்; 504 மணி நேரம் மிச்சம். கடைசியில் நின்ற கணக்கு 2,616 மணி நேரம். பட்டியலை அனுப்பும் முன் விற்பனையில் இல்லாதவற்றை அவர்களே அடித்துவிட வேண்டும் என்று பெரிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது. கஷ்டமான பகுதியைத் தொட்டதால் கிடைத்த லாபம் இது. சுலபமான பகுதியில் இப்படி ஒன்று கண்ணில் படவே வாய்ப்பில்லை.

அப்புறம் அவர்களுடைய முக்கியமான கேள்வி, தவறு எவ்வளவு என்பது. எது தவறு என்பதை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். விலை, அளவு, பாக எண் இதில் எது மாறினாலும் பெரிய தவறு. எழுத்துப்பிழை, இடைவெளி, விளக்கத்தின் நடை போன்றவை சிறு தவறு. முதல் தவணையாகக் கொடுத்த 40 பொருட்களிலேயே 3 பெரிய தவறுகள் பிடிபட்டன. மூன்றும் ஒரே காரணம்தான்: பழைய பக்கங்களில் சில அளவுகள் அங்குலத்தில், சில மில்லிமீட்டரில், அலகு எழுதாமல் இருந்தன. அலகு இல்லாத அளவு வந்தால் ஊகிக்காமல் கேள்விப் பட்டியலில் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். கடைசியில் 480-இலிருந்து 300-ஐ குலுக்கல் முறையில் எடுத்துக் கிளையண்டே சோதித்தார். பெரிய தவறு ஒன்றும் இல்லை, சிறு தவறு 11.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 300-இல் தவறே இல்லை என்றால் மொத்தத்திலும் தவறே இருக்காது என்று அர்த்தம் கிடையாது. புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. n மாதிரிகளைச் சோதித்து ஒன்றிலும் தவறு இல்லையென்றால், உண்மையான தவறு விகிதம் 3/n-ஐ விடக் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 300-க்கு அது 1 சதவீதம். மீதமுள்ள சுமார் 22,000 பொருட்களில் 1 சதவீதம் என்றாலே 220 தவறுகள். அதைக் கிளையண்டிடம் அந்தக் குழு அப்படியே சொன்னது. அதனால் பெரிய ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு தவணையிலிருந்தும் சில நூறு பொருட்களைச் சோதிப்பது, பெரிய தவறு இத்தனைக்கு மேல் இருந்தால் அந்தத் தவணை முழுவதையும் செலவில்லாமல் திருத்தித் தருவது என்று எழுதிக்கொண்டார்கள். பைலட் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று நீங்களே சொல்லும்போது, கிளையண்டுக்கு வரும் நம்பிக்கை வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் வேலை பொருட்களை எண்ணுகிற மாதிரி இல்லாமல் மென்பொருள் எழுதுவதாக இருந்தாலும் இதே நியாயம்தான். பத்துத் திரைகளில் ஒன்றை அழகாக வரைந்து காட்டுவதால் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்து அதை முதலிலிருந்து கடைசி வரை ஓட விடுங்கள். உள்ளே நுழைவது, பழைய அமைப்பிலிருந்து விவரம் இழுப்பது, கணக்கிடுவது, அவர்களுடைய உண்மையான சர்வரில் ஏற்றி அவர்களுடைய ஆள் ஒருவர் பயன்படுத்துவது வரைக்கும். வம்பு எப்போதும் இரண்டு அமைப்புகள் சேரும் இடத்தில்தான் இருக்கும்.

இனி காசு. இலவசம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு உங்கள் உழைப்பின் மதிப்பு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இலவச வேலைக்குக் கிளையண்ட் பக்கத்தில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கோப்பு கேட்டால் அடுத்த வாரம் வரும், சந்தேகம் கேட்டால் பதில் வராது, முடித்துக் கொடுத்தால் திறந்து பார்க்க ஆள் இருக்காது. செலவு என்று ஒன்று பதிவானால்தான் அதற்கு ஒரு பெயர், ஒரு பட்ஜெட், ஒரு முடிவுத் தேதி எல்லாம் வரும்.

இன்னொரு பலனும் உண்டு, இதை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. காசு கொடுக்க வேண்டுமென்றால் உங்களை அவர்களுடைய வெண்டர் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டர் எடுக்க வேண்டும், உங்கள் இன்வாய்ஸ் அவர்களுடைய கணக்குப் பிரிவைத் தாண்ட வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கே வாரக்கணக்கில் ஆகும். பைலட்டிலேயே இந்தப் பாதை ஒரு முறை திறந்துவிட்டால், பெரிய ஒப்பந்தம் வரும்போது அது தாமதத்துக்குக் காரணமாக நிற்காது. இன்வாய்ஸ் அனுப்பி எத்தனை நாளில் பணம் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாத வேலையில் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவு கேட்பது? உங்கள் வழக்கமான மணி நேர விகிதத்தில்தான். பைலட்டுக்கு மட்டும் பாதி விலை போட்டால் அந்தப் பாதிதான் உங்கள் விலை என்று மனதில் பதிந்துவிடும்; பிறகு முழு விலையைச் சொல்லும்போது ஏற்றிவிட்டீர்கள் என்பார்கள். மொத்தத்தில் அது பெரிய ஒப்பந்தத்தில் 5-இலிருந்து 10 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது என் கணிப்பு. அதற்கும் கீழே போனால் ஒன்றையும் நிரூபிக்க முடியாது, மேலே போனால் அதற்கே ஒரு பைலட் கேட்பார்கள். அந்தத் தொகை, உங்களோடு பேசும் அதிகாரி மேலே போகாமல் தானே கையெழுத்திடக்கூடிய வரம்புக்குள் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். "எவ்வளவு வரைக்கும் நீங்களே ஒப்புதல் கொடுக்கலாம், சார்?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

விலையை மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள், மணிக்கணக்கில் வேண்டாம். பைலட்டில் செலவு எவ்வளவு போகுமோ என்ற கவலை கிளையண்டுக்கு இருக்கக் கூடாது. நான் சொன்ன குழு 120 மணி நேரத்துக்கு விலை வைத்தது, ஆனது 131. மிச்சம் 11 மணி நேரத்தை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பணம் பாதி தொடங்கும் முன், பாதி ஒப்படைத்ததும். "திருப்தியாக இருந்தால் மீதி" என்ற வரிக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். திருப்தி என்பதை யாரும் அளக்க முடியாது. ஒப்படைத்தது ஒப்புக்கொண்ட அளவுகோலுக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

சலுகை கேட்டால் கழிவாகக் கொடுங்கள், தள்ளுபடியாக வேண்டாம். பெரிய ஒப்பந்தம் 30 நாளுக்குள் கையெழுத்தானால், பைலட்டில் ஏற்கெனவே முடிந்த பகுதிக்கான விலை பெரிய ஒப்பந்தத்தின் கடைசி இன்வாய்ஸில் கழிக்கப்படும் என்று எழுதலாம். மேலே சொன்ன வேலையில் 480 பொருட்கள் ஏறிவிட்டனவே, அவற்றுக்கு மறுபடி பணம் வாங்குவது நியாயமில்லை. ஆனால் வகை பிரித்தது, விதி எழுதியது, அறிக்கை தயாரித்தது இதற்கெல்லாம் ஆன நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

பெரிய வேலையின் விலையை பைலட் முடியும் வரை சொல்லாமல் வைத்திருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அது பிடிக்காது. பைலட் நன்றாக முடிந்து, அதன்பிறகு வரும் கொட்டேஷனைப் பார்த்துக் கிளையண்ட் அதிர்ந்துபோனால் இரண்டு பேருடைய நேரமும் வீண். தொடங்கும் முன்பே ஒரு வரம்பு சொல்லிவிடுங்கள். அந்தக் குழு 2,000 முதல் 3,000 மணி நேரம் என்று சொல்லியிருந்தது. பைலட் முடிந்ததும் 2,616 என்று குறுக்கியது. சொன்ன வரம்புக்குள்ளேயே நின்றதால், முதலில் நினைத்த 2,400-ஐ விடக் கூடினாலும் பேரம் எழவில்லை. கூடியதற்கான காரணமும் நிமிடக் கணக்கோடு மேசையில் இருந்தது.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் போதும். பத்துப் பக்க ஒப்பந்தத்தை அனுப்பினால் அது சட்டப் பிரிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குழு எழுதியதன் சாரம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

> "உங்கள் 24,000 பொருட்களில் 480-ஐ மூன்று வகையிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்து, மூன்று வாரத்தில் புது அமைப்பில் ஏற்றித் தருகிறோம். கோப்புகளும் கணக்கு அனுமதியும் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரம் தொடங்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் 300-இல் பெரிய தவறு 3-க்கு மேல் இருந்தால் வேலை நிறைவேறவில்லை என்று கொள்ளலாம். எங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல உங்கள் தரப்பில் ஒருவரை நியமிப்பீர்கள். ஏற்றிய விவரங்களும் விதிப் பட்டியலும் பணம் செலுத்தியதும் உங்களுடையவை; மேற்கொண்டு எங்களோடு தொடராவிட்டாலும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஒப்படைத்த ஏழாவது வேலை நாளில் 45 நிமிடச் சந்திப்பு. தொடர்வது, மாற்றங்களோடு தொடர்வது, நிறுத்துவது, இதில் ஒன்றை அன்று சொல்வீர்கள். நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை."

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து என்று எழுதாமல், கோப்பு கைக்கு வந்த நாளிலிருந்து என்று எழுதியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அனுமதி கிடைக்கவே இரண்டு வாரம் போய், தாமதப் பழி உங்கள் மேல் விழும். அடுத்தது, நிறுத்தினாலும் கிளையண்ட் கையில் பயன்படக்கூடிய ஒன்று மிஞ்சுகிறது. அவருடைய பயத்தைக் குறைப்பதில் இந்த வரிக்கு ஈடான வரி அந்தப் பக்கத்தில் வேறு இல்லை. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட், கருவி போன்றவை உங்களிடமே இருக்கும் என்பதையும் தனியாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

நடக்கும்போது வரும் பெரிய ஆபத்து, உங்கள் ஆர்வம்தான். எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று இரவு பகலாக உட்கார்ந்து, கேட்காததையும் சேர்த்துச் செய்து கொடுத்தால், அதே வேகத்தை ஆறு மாதமும் எதிர்பார்ப்பார்கள். உங்களுக்கும் உண்மையான நேரக் கணக்கு கிடைக்காது. பிறகு பெரிய வேலையை யார் செய்யப் போகிறார்களோ அவர்களே பைலட்டையும் செய்ய வேண்டும். கெட்டிக்காரரை பைலட்டுக்கு வைத்து, அப்புறம் புது ஆளைப் போட்டால், கிளையண்டுக்கு நீங்கள் காட்டியது வேறு, கொடுப்பது வேறு. ஆன நேரத்தை வகைவாரியாக அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் அந்த 4, 9, 21 மாதிரியான எண்கள் கிடைக்காது.

கிளையண்டையும் நீங்கள் இதே நாட்களில் அளக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். கேட்ட கேள்வி, கேட்ட தேதி, பதில் வந்த தேதி என்று மூன்று நெடுவரிசையில் ஒரு பட்டியல் போதும். அந்தக் குழுவுக்குப் பதில் வர சராசரியாக 3 வேலை நாள் ஆனது. அதைப் புகாராகச் சொல்லாமல் பட்டியலாகவே சந்திப்பில் வைத்தார்கள். பதில் 2 நாளுக்கு மேல் தாமதமானால் ஒப்படைப்புத் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்று பெரிய ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. சில சமயம் இந்தப் பட்டியலைப் பார்த்து நீங்களே ஒதுங்கிக்கொள்ள நேரலாம். கேள்விக்குப் பதிலே வராத, ஒவ்வொரு வாரமும் ஆள் மாறுகிற இடத்தில் ஆறு மாதம் ஓட்ட முடியாது.

பதிலே சொல்லாமல் இழுத்தால் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான மருந்தை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். முடிவுச் சந்திப்புக்கான நாளும் நேரமும் பைலட் தொடங்கும் அன்றே எல்லோருடைய காலண்டரிலும் ஏறியிருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறவர் அதில் இருக்க வேண்டும். அவரைக் கூப்பிட முடியாது, நாங்கள் பிறகு சொல்லிக்கொள்கிறோம் என்றால், பெரிய வேலைக்கு இன்னும் பணமே ஒதுக்கவில்லையோ என்று அப்போதே சந்தேகப்படலாம். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு பக்க அறிக்கையோடு பெரிய ஒப்பந்தத்தின் வரைவையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் அன்று பேச்சு எதை மாற்றலாம் என்பதைப் பற்றி இருக்கும்.

அப்படியும் நழுவினால் ஒரு கடிதம் போதும்: "இந்த வேலைக்காக எங்கள் ஆட்களை இன்ன தேதி வரை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதன் பிறகு வேறு வேலைக்கு அனுப்பிவிடுவோம், மறுபடி சேர்க்கச் சில வாரம் ஆகும்." இதை மிரட்டலாக எழுதாதீர்கள், உண்மையிலேயே ஒதுக்கியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு வகை இழுப்பு, "நன்றாக இருக்கிறது, இன்னொரு பைலட் பார்க்கலாமே" என்பது. இரண்டாவது பைலட்டுக்குச் சரி சொல்லும் முன், முதலாவது பதில் சொல்லாத எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லும் என்று கேளுங்கள். தெளிவான கேள்வி இருந்தால், உதாரணமாக வேறு மொழியில் உள்ள பொருட்களையும் ஏற்ற முடியுமா என்றால், முழு விலையில் செய்யலாம். சும்மா இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்றால், அது பெரிய வேலையைத் துண்டு துண்டாக, எந்த உத்தரவாதமும் இல்லாமல் வாங்கும் வழி. அதற்குப் பதிலாகப் பெரிய ஒப்பந்தத்தையே மாதத்துக்கு மாதம் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பயம்தான் காரணம் என்றால் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

எல்லா வேலைக்கும் இது சரிப்படாது. மொத்த வேலையே ஒரு மாதம்தான் என்றால் பைலட் வேண்டாம். முதல் வாரம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். பலன் தெரிய ஐந்தாறு மாதம் ஆகிற வேலைகளில், தேடுபொறியில் தளத்தை மேலே கொண்டுவருவது மாதிரி, மூன்று வாரப் பைலட்டை வைத்து முடிவைக் காட்ட முடியாது. அங்கே செய்முறையை மட்டும்தான் காட்ட முடியும், அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். தொடங்குவதற்கான ஏற்பாட்டுச் செலவே வேலையில் பாதி என்றாலும் இது கட்டுப்படியாகாது.

உங்கள் கிளையண்ட் விஷயத்தில் ஆறு மாத வேலை என்பதால் மூன்று வாரம் சரியாக இருக்கும். கொட்டேஷன் அனுப்பும் முன் ஒரு முறை நேரிலோ தொலைபேசியிலோ பேசி, முன்பு எங்கே சறுக்கியது என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் பதிலோடு, உங்கள் வேலையில் வகைகள் எத்தனை, அதில் எது அதிகம் இழுக்கும் என்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். எந்தத் துண்டை எடுக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.